ஒப்பந்தக் காலம் முடிகிறது, புதுப்பிக்கவில்லை: ஊழியர் மேல் குறை தொனிக்காமல் கடிதம் எழுதுவது எப்படி?

எஸ்டேட்_எச்ஆர் | 28 ஜனவரி 2026

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலை. குவாலிட்டி பிரிவில் டாக்குமென்டேஷன் அசிஸ்டென்டாக ஒரு பெண்மணி காண்ட்ராக்டில் இருக்கிறார். ஏஜென்சி மூலம் அல்ல, நேரடியாக எங்கள் சம்பளப் பட்டியலில்தான். அவருடைய ஒப்பந்தம் மார்ச் 6 வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. மறுபடி நீட்டிக்க வேண்டாம் என்று எம்.டி. முடிவு செய்துவிட்டார். அவர் மீது மெமோ, எச்சரிக்கை, புகார் என்று எதுவும் கிடையாது.

ஒப்பந்தத்தின் 9-வது ஷரத்து இப்படி இருக்கிறது: காலம் முடிந்ததும் ஒப்பந்தம் தானாக முடிவுக்கு வரும்; நிர்வாகம் விரும்பினால் புதுப்பிக்கலாம்; புதுப்பிக்காவிட்டால் 30 நாள் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

எம்.டி. கொடுத்த வரைவு கீழே. ஏதோ இடிக்கிறது, எது என்று எனக்குப் பிடிபடவில்லை.

"எங்கள் எதிர்பார்ப்புகளைக் கருத்தில் கொண்டும், 12 ஜனவரி அன்று நடந்த ரிவ்யூ கூட்டத்தின் அடிப்படையிலும், தங்கள் சேவையை 06.03.2026 முதல் டெர்மினேட் செய்ய நிர்வாகம் வருத்தத்துடன் முடிவு செய்துள்ளது. இது தங்கள் பணித்திறன் பற்றிய குறை அல்ல. எதிர்காலத்தில் வாய்ப்பு வரும்போது தங்களை நிச்சயம் அழைப்போம்."

பேரோல்_மேசை | 28 ஜனவரி

முதல் வேலை, தேதியைப் பாருங்க. மார்ச் 6-லேர்ந்து 30 நாள் பின்னாடி போனா பிப்ரவரி 4, புதன்கிழமை. அன்னைக்கு அவங்க லீவு போட்டுட்டா கதை முடிஞ்சுது. பிப்ரவரி 2 திங்கட்கிழமையே கையில குடுத்து கையெழுத்து வாங்கிடுங்க. லெட்டர் எவ்ளோ நல்லா எழுதினாலும், உங்க ஷரத்துல இருக்கிற 30 நாளை நீங்களே மீறினா பேச்சே அங்கதான் ஆரம்பிக்கும்.

இன்னொன்னு, "டெர்மினேட்" அப்படிங்கிற வார்த்தையை எடுத்துடுங்க. நீங்க யாரையும் நிறுத்தல. காலம் முடியுது, அவ்ளோதான்.

சட்டம்_பேசறவன் | 28 ஜனவரி

ஏன் இவ்வளவு யோசிக்கறீங்க? தொழிற்தகராறு சட்டம் 2(oo)(bb) இருக்கு. 1984-ல கொண்டு வந்த திருத்தம். ஒப்பந்தம் முடிஞ்சு புதுப்பிக்கலைன்னா அது ஆட்குறைப்பே இல்லை. நோட்டீஸ் வேணாம், இழப்பீடு வேணாம். ரெண்டு வரில அனுப்புங்க. எம்.டி. வரைவு கொஞ்சம் கடுமையா இருந்தாலும் ஒண்ணும் ஆகாது.

கோர்ட்டோரம் | 28 ஜனவரி

மேலே நண்பர் சொன்னதில் பாதி சரி. அந்தப் பிரிவு இருந்த சட்டமே இப்போது இல்லை. 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது, 1947 சட்டம் அதற்குள் கரைந்துவிட்டது. ஆனால் கருத்து மாறவில்லை: எழுத்துமூலமான குறித்த கால ஒப்பந்தம் முடிவதால் வேலை போனால் அது ஆட்குறைப்பு ஆகாது என்பது புதிய தொகுப்பிலும் இருக்கிறது.

"எம்.டி. வரைவு கடுமையா இருந்தாலும் ஒண்ணும் ஆகாது" என்பதுதான் தவறு. அந்தப் பாதுகாப்பு கிடைப்பதே, வேலை முடிந்தது காலம் முடிந்ததால்தான் என்றால் மட்டுமே. வரைவை அந்தக் கண்ணோடு படியுங்கள். ஒரு இடத்தில்கூட "காலம் முடிந்தது" என்று இல்லை. எதிர்பார்ப்பு, ரிவ்யூ கூட்டம், டெர்மினேட், முடிவு செய்துள்ளது என்று நான்கு இடத்தில் "உன்னைப் பார்த்தோம், பிடிக்கவில்லை, நிறுத்துகிறோம்" என்று சொல்கிறது. பிறகு "இது குறை அல்ல" என்று ஒரு வரி. முதல் வாக்கியம் குறை சொல்லாவிட்டால் இரண்டாவது வாக்கியத்துக்கு என்ன வேலை?

அதிலும் மோசம் அந்த ரிவ்யூ கூட்டம்தான். கடிதத்தில் ஒரு கூட்டத்தைக் குறிப்பிட்டால் அந்தக் கூட்டத்தின் மினிட்ஸும் கடிதத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். தகுதிகாண் பருவத்தில் இருந்தவர்களின் பணிநீக்கம் பற்றிய வழக்குகளில் சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. 1999-ல் வந்த தீப்தி பிரகாஷ் பானர்ஜி தீர்ப்பு எல்லோரும் காட்டுவது. உத்தரவில் களங்கச் சொல் இல்லாமல் இருக்கலாம், உத்தரவு சுட்டும் கடிதத்திலோ இணைப்பிலோ இருந்தாலும் போதும், களங்கம் களங்கம்தான். உங்கள் 12 ஜனவரி மினிட்ஸில் "ரிப்போர்ட்டில் தவறுகள்" என்று ஒரு வரி இருந்தால், விசாரணை இல்லாமல் குற்றம் சாட்டி அனுப்பினார்கள் என்று எதிர்த்தரப்பு வாதிட அது ஒன்றே போதும்.

அந்தக் கூட்டம் எதைப் பற்றி?

எஸ்டேட்_எச்ஆர் | 28 ஜனவரி

குவாலிட்டி பிரிவு முழுவதற்குமான மாதாந்திரக் கூட்டம் சார். இவரைப் பற்றி மினிட்ஸில் ஒன்றுமே இல்லை. அதில் ஆள் எண்ணிக்கை பற்றிப் பேசினார்கள் என்பதால் எம்.டி. அதைச் சேர்த்திருக்கிறார்.

கோர்ட்டோரம் | 28 ஜனவரி

அப்படியானால் தானே போய் மாட்டிக்கொள்வது மாதிரி. எடுத்துவிடுங்கள். இந்தக் கடிதம் சுட்ட வேண்டிய ஆவணம் ஒன்றே ஒன்று, ஒப்பந்தம். அதன் தேதி, அதன் 9-வது ஷரத்து. வேறு எந்தத் தேதியும், மீட்டிங்கும், மின்னஞ்சலும் வேண்டாம்.

மாதவரம்_ராணி | 29 ஜனவரி

என்னுடைய கேஸும் இதேதான். ஒரு வருட காண்ட்ராக்ட், எட்டாவது மாசம் கூப்பிட்டு நாளையிலிருந்து வர வேண்டாம்னு மெயில் அனுப்பிட்டாங்க. அதுலயும் எந்தக் குறையும் எழுதல. நானும் இதே மாதிரி நியாயம் கேக்க முடியுமா?

கோர்ட்டோரம் | 29 ஜனவரி

மேடம், உங்களுடையது வேறு விஷயம். இங்கே பேசுவது முழுக் காலமும் முடிந்து புதுப்பிக்காதது. உங்களுக்குப் பாதியில் நிறுத்தியிருக்கிறார்கள். இடையில் நிறுத்தலாம் என்று ஒப்பந்தத்தில் ஷரத்து இருக்கிறதா, அதற்கு எத்தனை நாள் நோட்டீஸ் என்று பாருங்கள். 240 நாள் வேலை பார்த்திருந்தால் ஒரு வருடத் தொடர் பணி என்று கருதுவார்கள், எட்டு மாதத்தில் அது வந்ததா என்பதும் முக்கியம். தனி இழை போடுங்கள், அங்கே வருகிறேன்.

எஸ்டேட்_எச்ஆர் | 29 ஜனவரி

கூட்டத்தை எடுத்தாயிற்று. டெர்மினேட் போய்விட்டது. ஆனால் எம்.டி. இரண்டு விஷயத்தில் பிடிவாதமாக இருக்கிறார். ஒன்று, காரணமே எழுதாமல் அனுப்பினால் மரியாதைக்குறைவு, "பட்ஜெட் குறைப்பு காரணமாக" என்றாவது போடு என்கிறார். இரண்டு, "இது குறை அல்ல" என்ற வரி இருந்தால்தான் அந்தப் பெண்மணி மனம் நோகாமல் போவார் என்கிறார்.

பேரோல்_மேசை | 29 ஜனவரி

பட்ஜெட்னு எழுதிட்டு ஏப்ரல்ல அதே சீட்டுக்கு வேற ஆளை எடுத்தா என்ன பண்ணுவீங்க? வேலை விளம்பரம் நௌக்ரில வந்தவுடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிருப்பாங்க.

கோர்ட்டோரம் | 29 ஜனவரி

அதுதான். காலம் முடிந்தது என்பது நடந்த உண்மை, அதை யாரும் பொய் என்று நிரூபிக்க முடியாது. பட்ஜெட், ஆர்டர் இல்லை, வேலை முடிந்தது என்பதெல்லாம் நீங்கள் நிரூபிக்க வேண்டிய கூற்றுகள். கூடுதலாக ஒரு காரணம் எழுதும்போது கூடுதலாக ஒரு சுமையைத் தலையில் ஏற்றிக்கொள்கிறீர்கள். அந்தக் காரணம் பொய் என்று ஆகிவிட்டால் உண்மைக் காரணம் வேறு ஏதோ, அது அவரைப் பற்றியது என்று எதிர்த்தரப்பு சொல்லும்.

"குறை அல்ல" வரி பற்றி என் கருத்து: வேண்டாம். துக்க வீட்டில் போய் "நான் ஒன்றும் தப்பாக நினைக்கவில்லை" என்று சொல்வது மாதிரி. கேட்காத கேள்விக்குப் பதில். படிப்பவர் "அப்படியானால் யாரோ குறை சொல்லியிருக்கிறார்கள்" என்றுதான் நினைப்பார். நாளை வேறு கம்பெனி எச்ஆர் அந்தக் கடிதத்தைப் பார்த்தாலும் அப்படித்தான் படிப்பார்.

வேளச்சேரி_எச்ஆர்பி | 29 ஜனவரி

இதில் நான் உடன்படவில்லை சார். வக்கீல் கண்ணுக்கு அது தேவையற்ற வரி. வாங்குகிறவர் கண்ணுக்கு அப்படி இல்லை. வெறும் "முடிகிறது, புதுப்பிக்கப்படவில்லை" என்று நான்கு வரி வந்தால் அதையும் மூஞ்சியில் அறைந்த மாதிரிதான் எடுத்துக்கொள்வார்கள். மறுப்பு வாக்கியம் வேண்டாம் என்பது சரி. அதற்குப் பதில் ஒரு உடன்பாட்டு வாக்கியம் போடலாமே: இந்தக் காலத்தில் நீங்கள் செய்த பணிக்கு நன்றி என்று.

கோர்ட்டோரம் | 29 ஜனவரி

நன்றி போடலாம், மறுக்கவில்லை. "சிறப்பான", "அளப்பரிய" பங்களிப்பு என்று ஏற்றாதீர்கள். சிறப்பான பங்களிப்பு என்றால் ஏன் புதுப்பிக்கவில்லை என்று அடுத்த கேள்வி வரும். "ஒப்பந்தக் காலத்தில் தாங்கள் ஆற்றிய பணிக்கு நன்றி." அவ்வளவு போதும்.

"நிச்சயம் அழைப்போம்" என்ற கடைசி வரியும் போகட்டும். நிச்சயம் என்று எழுதிவிட்டு அழைக்காமல் விட்டால் அதுவும் ஒரு குறையாகத் தெரியும். "வருத்தத்துடன்" என்பதும் வேண்டியதில்லை. ஒப்பந்தத்தில் முதல் நாளே எழுதியிருந்தது நடக்கிறது, அதற்கு எதற்கு வருத்தம்?

மரியாதையைக் கடிதத்தில் தேடாதீர்கள். அவரைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லிவிட்டுக் கடிதத்தைக் கொடுங்கள். அதே நாளில் ஐடி கார்டைப் பிடுங்கி, சிஸ்டம் லாகினை மூடி, கேட்டில் செக்யூரிட்டியிடம் சொல்லி வைத்தால், கடிதத்தில் நீங்கள் தவிர்த்த எல்லாச் சொல்லையும் செயலில் சொல்லிவிட்டீர்கள். பிப்ரவரி 2 முதல் மார்ச் 6 வரை அவர் உங்கள் முழு ஊழியர், லாகின் உட்பட.

எஸ்டேட்_எச்ஆர் | 30 ஜனவரி

புரிந்தது சார். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், இப்போது சொல்கிறேன். இது அவருடைய இரண்டாவது ஒப்பந்தம். முதலாவது 01.05.2024 முதல் 31.03.2025 வரை. நடுவில் ஆறு நாள் இடைவெளி. இரண்டாவது 07.04.2025 முதல் 06.03.2026 வரை. இரண்டும் 11 மாதம்தான், அதனால் பிரச்சினை இல்லை என்று நினைக்கிறேன்.

சங்கத்து_ஆள் | 30 ஜனவரி

வந்துட்டோம் தோழர். 11 மாசம், ஆறு நாள் பிரேக், மறுபடி 11 மாசம். இந்தப் பதினோரு மாசக் கணக்கை யார் உங்களுக்கெல்லாம் சொல்லிக்குடுக்கறாங்கன்னு தெரியல, வாடகை அக்ரிமென்ட்டைப் பாத்து எடுத்தீங்களா?

தமிழ்நாட்டுல 1981-ஆம் வருஷ நிரந்தர அந்தஸ்துச் சட்டம் இருக்கு. 24 மாசத்துக்குள்ள 480 நாள் தொடர்ந்து வேலை பாத்த தொழிலாளியை நிரந்தரம் ஆக்கணும். "ஆக்கலாம்" இல்ல, ஆக்கணும். அவங்களுக்கு நீங்க குடுக்கப்போறது காலம் முடிஞ்ச லெட்டர் இல்ல, நிரந்தரத் தொழிலாளியை வீட்டுக்கு அனுப்பற லெட்டர்.

சட்டம்_பேசறவன் | 30 ஜனவரி

நடுவுல ஆறு நாள் பிரேக் இருக்கே? தொடர்ச்சி அறுந்து போச்சு. கணக்கு மறுபடி பூஜ்யத்துலேர்ந்து.

கோர்ட்டோரம் | 30 ஜனவரி

இல்லை. அந்தச் சட்டத்தில் தொடர் பணி என்பதற்குக் கொடுத்திருக்கும் அர்த்தம் நீங்கள் நினைப்பதைவிட அகலம். தொழிலாளியின் தவறு இல்லாமல் வேலை நின்ற நாட்கள் தொடர்ச்சியை அறுப்பதில்லை. நிர்வாகமே போட்ட ஆறு நாள் இடைவெளியைக் காட்டி நிர்வாகமே "அறுந்தது" என்று சொல்வது எடுபடாது. வேண்டுமென்றே போட்ட இடைவெளி என்று ஆனால், நிரந்தரம் தராமல் தற்காலிகமாகவே வைத்திருப்பது என்ற நியாயமற்ற நடைமுறைப் பட்டியலிலும் போய் நிற்கும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். முதல் ஒப்பந்தம் மே 1 முதல் மார்ச் 31 வரை 335 நாள். இரண்டாவது ஏப்ரல் 7 முதல் மார்ச் 6 வரை 334 நாள். கூட்டினால் 669. ஞாயிறு, விடுமுறைகளைக் கழித்து வேலை பார்த்த நாளை மட்டும் எண்ணினாலும் மாதத்துக்கு 26 என்று 22 மாதத்துக்கு 572. எப்படி எண்ணினாலும் 480-ஐத் தாண்டிவிட்டது. மொத்தமும் மே 2024 முதல் மார்ச் 2026 வரை, 24 மாதத்துக்குள் அடங்குகிறது.

ஆகவே கேள்வி ஒன்றுதான்: அவர் "தொழிலாளி"யா? டாக்குமென்டேஷன் அசிஸ்டென்ட் என்றால் ரிப்போர்ட் தட்டுவது, ஃபைல் பராமரிப்பது, சான்றிதழ் சேர்ப்பது. எழுத்தர் வேலை. மேலாண்மை அதிகாரமோ மேற்பார்வையோ இல்லை என்றால் தொழிலாளிதான். பதவிப் பெயரில் "எக்ஸிகியூட்டிவ்" என்று போட்டிருந்தாலும் செய்கிற வேலையைத்தான் பார்ப்பார்கள்.

நேற்று வரை நான் சொன்ன வார்த்தைத் திருத்தமெல்லாம் முதல் ஒப்பந்தம் முடிகிறவருக்குக் கச்சிதமாகப் பொருந்தும். ஒரு வருடத்தில் யாராலும் 480 நாள் பார்க்க முடியாது. உங்கள் வழக்கில் கடிதம் நல்ல கடிதமாக இருக்கும், ஆனால் அது தாங்கி நிற்க வேண்டிய தரை ஆட்டம் காண்கிறது. பிப்ரவரி 2-க்கு முன் தொழிலாளர் சட்டம் பார்க்கும் வக்கீல் ஒருவரிடம் இரண்டு ஒப்பந்தத்தையும் வருகைப் பதிவையும் கொண்டு போய்க் காட்டுங்கள்.

வேளச்சேரி_எச்ஆர்பி | 30 ஜனவரி

மத்திய சட்டத்தொகுப்பு குறித்த கால வேலையை வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. அதற்கு மேல் மாநிலத்தின் 480 நாள் விதி நிற்குமா?

கோர்ட்டோரம் | 30 ஜனவரி

புதிய தொகுப்பு ரத்து செய்தது மூன்று மத்தியச் சட்டங்களை. தமிழ்நாட்டின் 1981 சட்டம் அந்தப் பட்டியலில் இல்லை. இரண்டும் முரண்படுகின்றனவா, முரண்பட்டால் எது மேல் என்பதில் இரு தரப்பும் வாதாட இடம் இருக்கிறது. அந்த வாதத்துக்கு உங்கள் கம்பெனி முதல் வழக்காக இருக்க வேண்டுமா என்பதை எம்.டி.தான் சொல்ல வேண்டும்.

சங்கத்து_ஆள் | 30 ஜனவரி

எனக்கு சந்தேகமே இல்ல. அந்தம்மா அந்தச் சட்டத்து ஆய்வாளர்கிட்ட ஒரு மனு குடுத்தா போதும். இல்லன்னா தகராறு எழுப்பினா டிஎம்எஸ் வளாகத்துல சமரச அதிகாரி முன்னாடி உக்காருவீங்க. அங்க அவர் கேக்கற முதல் கேள்வி லெட்டர்ல என்ன வார்த்தை இருக்குன்னு இல்ல, மஸ்டர் ரோல் எங்கன்னுதான்.

பேரோல்_மேசை | 31 ஜனவரி

அந்தச் சண்டையை நீங்க ரெண்டு பேரும் பாத்துக்கோங்க. நான் எல்லாருக்கும் பொருந்தற ஒண்ணு சொல்றேன், இதுல நிறைய பேர் கோட்டை விடறாங்க. லெட்டர்ல ஒண்ணு, போர்ட்டல்ல வேற ஒண்ணு.

இஎஸ்ஐ மாதாந்திர கான்ட்ரிப்யூஷன்ல ஆள் போயிட்டா காரணம் தேர்ந்தெடுக்கணும். லிஸ்ட்ல `Left Service` இருக்கும், `Retrenchment` இருக்கும். "வேலைய விட்டு அனுப்பினோம்ல, அப்போ ரிட்ரெஞ்ச்மென்ட்"னு நினைச்சு பேரோல் பையன் அதை அமுக்கிடுவான். லெட்டர்ல காலம் முடிஞ்சுதுன்னு எழுதிட்டு, அரசாங்க பதிவுல ஆட்குறைப்புன்னு நீங்களே சொன்ன மாதிரி ஆயிடும். `Left Service` போட்டு கடைசி வேலை நாள் 06.03.2026 குடுங்க. பிஎஃப் போர்ட்டல்ல டேட் ஆஃப் எக்ஸிட் அதே தேதி, காரணம் `Cessation (Short Service)`. இதுல யார் மேலயும் குறை இல்ல.

எக்ஸிட் தேதி போடாம விட்டாலும் தப்புதான். அடுத்த கம்பெனில பிஎஃப் மாத்த முடியாம அந்தம்மா மாசக்கணக்கா உங்களுக்கு போன் பண்ணிட்டே இருப்பாங்க.

சம்பள பாக்கி ரெண்டு வேலை நாள்ல குடுக்கணும்னு ஊதியத் தொகுப்பு சொல்லுது. அதுல நீக்கம், ஆட்குறைப்பு, ராஜினாமா, மூடல்னுதான் பேர் போட்டிருக்கு, காலம் முடிஞ்சதுன்னு தனியா இல்ல. இதுல வாதம் பண்ணி என்ன சம்பாதிக்கப் போறீங்க? மார்ச் 9 திங்கட்கிழமைக்குள்ள கிரெடிட் பண்ணிடுங்க.

எஸ்டேட்_எச்ஆர் | 31 ஜனவரி

கிராஜுட்டி உண்டா? இரண்டு ஒப்பந்தமும் ஒரு வருடத்துக்குக் குறைவு. அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து 18,200.

பேரோல்_மேசை | 31 ஜனவரி

ஒரு வருஷம்னா 18,200-ஐ 26-ஆல வகுத்தா 700, 15-ஆல பெருக்கினா 10,500. குறித்த காலக்காரங்களுக்கு இப்போ அஞ்சு வருஷம் காத்திருக்க வேணாம், ஒரு வருஷம் போதும், அதுக்கப்புறம் விகிதப்படி. ஆனா உங்களுது ஒவ்வொண்ணும் 11 மாசம். அதனால வராதுன்னுதான் எனக்குத் தோணுது.

கோர்ட்டோரம் | 31 ஜனவரி

வராது என்று அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். முந்தைய 12 மாதத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் ஒரு வருடத் தொடர் பணி என்று கருதுவது கிராஜுட்டிச் சட்டத்தில் பழைய வழக்கம், அதற்குப் பதில் வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் தொடர்கிறது. இவர் இரண்டு காலத்திலும் 240-ஐத் தாண்டியிருப்பார். 22 மாதத்தையும் ஒன்றாகப் பார்த்தால் விகிதப்படி 10,500 பெருக்கல் 22 வகுத்தல் 12, அதாவது 19,250. "ஒப்பந்தத்தின் கீழ் ஒரு வருடம்" என்ற சொற்களைப் பிடித்துக்கொண்டு நிர்வாகம் பூஜ்யம் என்று வாதிடலாம். நவம்பர் 2025-க்கு முந்தைய மாதங்கள் கணக்கில் வருமா என்பதிலும் தகராறு வரும்.

இதைச் சொல்வது பணத்துக்காக மட்டும் இல்லை. கடிதத்தில் "தங்களுக்கு வேறு எந்தத் தொகையும் பாக்கி இல்லை" என்று ஒரு வரி போடும் வழக்கம் இருக்கிறது. போடாதீர்கள். "சட்டப்படியும் ஒப்பந்தப்படியும் சேர வேண்டிய தொகைகள் வழங்கப்படும்" என்று எழுதுங்கள். குறை சொல்லாத கடிதத்தின் நடுவில் பாக்கி இல்லை என்று கதவைச் சாத்தினால் மொத்தக் கடிதமும் கறாராகிவிடும், அது உண்மையா என்பதும் தெரியாது.

ஒப்பந்தக்காரி | 31 ஜனவரி

குறுக்கே ஒரு கேள்வி. ஒப்பந்தம் முடிகிற நேரத்தில் பிரசவ விடுப்பில் இருந்தால்?

கோர்ட்டோரம் | 31 ஜனவரி

ஒப்பந்தம் முடியும், பிரசவகாலப் பலன் முடியாது. 2023 ஆகஸ்டில் கவிதா யாதவ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது அதுதான். ஒப்பந்தக் காலத்துக்குள் தகுதி பெற்றுவிட்டால் காலம் முடிந்த பிறகும் 26 வாரத்துக்கான பணத்தைக் கொடுத்தாக வேண்டும். அப்படிப்பட்டவருக்கு இந்தக் கடிதம் எழுதினால் அந்தத் தொகையைத் தனி வாக்கியமாகச் சொல்ல வேண்டும்.

எஸ்டேட்_எச்ஆர் | 1 பிப்ரவரி

நேற்று மாலை வக்கீலிடம் போய் வந்தோம். அவரும் 480 நாளைத்தான் முதலில் எடுத்தார். நிரந்தரம் ஆக்குவதா, பேசித் தீர்ப்பதா என்று எம்.டி. நாளை காலை சொல்வார். எப்படியானாலும் 30 நாள் தவறக் கூடாது என்பதால் கடிதத்தைத் தயாராக வைக்கிறேன். தமிழில்தான் கொடுக்கப் போகிறேன், ஒப்பந்தமும் தமிழில்தான் இருக்கிறது. பார்த்துச் சொல்லுங்கள்.

"நாள்: 02.02.2026
பொருள்: 07.04.2025 நாளிட்ட பணி ஒப்பந்தம், காலம் முடிவடைதல் குறித்து

அன்புடையீர்,

மேற்கண்ட ஒப்பந்தப்படி தாங்கள் எங்கள் குவாலிட்டி பிரிவில் டாக்குமென்டேஷன் அசிஸ்டென்டாகப் பணியாற்றி வருகிறீர்கள். ஒப்பந்தத்தின் காலம் 06.03.2026 அன்று பணி நேர முடிவில் நிறைவடைகிறது. ஒப்பந்தம் அதற்குமேல் புதுப்பிக்கப்படவில்லை என்பதை 9-வது ஷரத்தின்படி இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறோம்.

06.03.2026 வரை தங்கள் பணியும் ஊதியமும் பிற உரிமைகளும் வழக்கம்போல் தொடரும். அந்நாள் வரையிலான ஊதியமும், சட்டப்படியும் ஒப்பந்தப்படியும் தங்களுக்குச் சேர வேண்டிய தொகைகளும் தங்கள் வங்கிக் கணக்கில் செலுத்தப்படும். பணிச் சான்றிதழ் 06.03.2026 அன்று வழங்கப்படும். தங்கள் பொறுப்பிலுள்ள ஆவணங்களையும் பொருட்களையும் அன்றைய தினம் பிரிவுத் தலைவரிடம் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

ஒப்பந்தக் காலத்தில் தாங்கள் ஆற்றிய பணிக்கு நன்றி."

கோர்ட்டோரம் | 1 பிப்ரவரி

நன்றாக இருக்கிறது. ஒரே இடம்: "அன்றைய தினம்" ஒப்படைக்க வேண்டாம், "அந்நாளுக்குள்" என்று மாற்றுங்கள். வெள்ளி மாலை ஒப்படைப்பு முடியாமல் "சனிக்கிழமை ஒரு மணி நேரம் வந்துட்டுப் போங்க" என்று பிரிவுத் தலைவர் கூப்பிடுவார். காலம் முடிந்த பிறகு வேலை வாங்கினால் ஒப்பந்தம் நீண்டுவிட்டது என்று சொல்ல அது போதும். அவர் வருகை மிஷினில் கை வைத்திருந்தால் பதிவே சாட்சி.

வேளச்சேரி_எச்ஆர்பி | 1 பிப்ரவரி

பணிச் சான்றிதழையும் கவனியுங்கள். உங்கள் கம்பெனியில் மற்றவர்களுக்கு "நடத்தை நன்று" என்று எழுதும் வழக்கம் இருந்தால் இவருக்கும் அதே வரி, அதே இடத்தில். அந்த வரி இல்லாத சான்றிதழைச் சென்னையில் எந்த எச்ஆரும் ஒரே அர்த்தத்தில்தான் படிப்பார். வேலை முடிந்த காரணம் என்ற இடத்தில் "ஒப்பந்தக் காலம் நிறைவு".

எஸ்டேட்_எச்ஆர் | 1 பிப்ரவரி

இரண்டையும் திருத்திவிட்டேன். கடைசியாக, கையெழுத்துப் போட மறுத்தால்?

பேரோல்_மேசை | 1 பிப்ரவரி

கட்டாயப்படுத்தாதீங்க, "மறுத்துவிட்டார்"னு லெட்டர் மேலயே எழுதவும் வேணாம். அது புதுசா ஒரு குறை. அன்னைக்கே போஸ்ட் ஆபீஸ் போங்க. ரிஜிஸ்டர்ட் போஸ்ட் போன செப்டம்பரோட ஸ்பீட் போஸ்ட்ல சேர்ந்துடுச்சு, அதனால ஸ்பீட் போஸ்ட்லயே ஒப்புகைச் சீட்டும் சேர்த்து புக் பண்ணுங்க. முகவரி ஒப்பந்தத்துல இருக்கிறதும் ஆதார்ல இருக்கிறதும் வேற வேறன்னா ரெண்டுக்கும். ஆபீஸ் மெயில்லயும் ஒரு காப்பி, வேற யாரையும் சிசி போடாம.

சங்கத்து_ஆள் | 1 பிப்ரவரி

லெட்டர் அழகா இருக்கு தோழர், ஒத்துக்கறேன். 480 நாள் அப்படியே இருக்கு. நாளைக்கு எம்.டி. என்ன சொன்னார்னு இங்க வந்து போடுங்க.

எஸ்டேட்_எச்ஆர் | 2 பிப்ரவரி

எம்.டி. கடிதத்தை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டார். புதன்கிழமை வரை நேரம் இருக்கிறது. நாளை மாலை வக்கீலோடு இன்னொரு தடவை உட்காருகிறோம்.